குருட்டு ஒத்திகையை நம்பும் நிரல் சொதப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை களைவது

ஆட்டத்தின் நுணுக்கம் எதையும் சொல்லிக்கொடுக்காமல், விதிகளை மட்டும் கொடுத்து ஒரு கணினியை நன்றாக ஆட வைக்க முடியும். ஒரு நகர்வை வைத்துப் பார்த்து, அங்கிருந்து ஆட்டம் முடியும்வரை இரு தரப்பையும் குருட்டாம்போக்கில் ஆடவிட வேண்டும். இதை ஆயிரக்கணக்கான தடவை செய்து எந்த நகர்வுக்குப் பின் வெற்றி அதிகம் வருகிறது என்று எண்ண வேண்டும். இப்படிக் குருட்டாம்போக்கில் ஓடும் ஒவ்வொன்றையும் இங்கே ஒத்திகை என்கிறேன். ஒத்திகை முடிவுகளை ஒரு மரத்தில் சேமித்து, நம்பிக்கை தரும் கிளைகளுக்குக் கூடுதல் ஒத்திகை ஒதுக்கினால் அது மான்டே கார்லோ மரத் தேடல்.

முழு நிரலும் நூறு, நூற்றைம்பது வரிகளில் அடங்கிவிடும். ஆனால் பிழை இருந்தாலும் இது நின்றுபோகாது. ஏதோ ஒரு நகர்வைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதுவும் பல நேரம் நல்ல நகர்வு போலவே தெரியும். பிறர் எழுதிய நிரல்களைத் திருத்திக் கொடுத்ததில் திரும்பத் திரும்பக் கண்டவை நாலைந்து கோளாறுகள்தான். அவற்றை அறிகுறிவாரியாக, செலவு குறைந்த காரணத்தை முதலில் வைத்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு ஆட்டம் கனெக்ட் ஃபோர். 7 நெடுவரிசை, 6 கிடைவரிசை. காசை மேலிருந்து போட்டால் அந்த நெடுவரிசையில் காலியாக உள்ள அடி இடத்தில் போய் விழும். கிடையாகவோ, செங்குத்தாகவோ, மூலைவாட்டிலோ நான்கு காசு சேர்த்தவர் வென்றார். சிவப்பு முதலில் ஆடுகிறது. நம் நிரல் மஞ்சள்.

## முதலில் மூன்று சோதனை நிலைகள்

நிரலைத் தொடுவதற்கு முன் இந்த மூன்றையும் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். R சிவப்பு, Y மஞ்சள், புள்ளி காலி இடம். முழுக்கக் காலியான மேல் மூன்று வரிசைகளை இங்கே வரையவில்லை. மூன்றிலும் ஆட வேண்டியது மஞ்சள்.

```
நிலை 1            நிலை 2            நிலை 3
. . . . . . .     . . . . . . .     . . . . . . .
. . . . . R R     . . . . . Y Y     . . . Y . . .
Y Y Y . . R R     R R R . . Y R     . . R R . . .
```

நிலை 1-ல் 4-ம் நெடுவரிசையில் போட்டால் மஞ்சளுக்கு உடனே வெற்றி. நிலை 2-ல் அதே இடத்தில் போட்டுச் சிவப்பைத் தடுக்க வேண்டும். நிலை 3 கொஞ்சம் ஆழமானது. அங்கே 2 அல்லது 5 மட்டுமே தாக்குப்பிடிக்கும், மற்ற ஐந்தும் தோல்வி. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஒவ்வொரு நிலையிலும் 10,000 ஒத்திகை ஓட்டுங்கள். தேர்ந்தெடுத்த நகர்வை மட்டும் பார்த்தால் போதாது. ஏழு நெடுவரிசைகளுக்கும் வருகை, அதாவது அந்த நகர்வின் வழியே போன ஒத்திகை, எத்தனை, வெற்றி எத்தனை என்று பட்டியலாக அச்சிடச் செய்யுங்கள். கீழே சொல்லும் எல்லாப் பரிசோதனையும் இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

## அறிகுறி: நிரல் எதிராளிக்காக ஆடுகிறது

கண்ணுக்கு நேராக இருக்கும் வெற்றியை விட்டுவிடும். எதிராளிக்கு வழி திறந்துவிடும் நகர்வைத் தேடிப் பிடித்து ஆடும். குருட்டாம்போக்கில் ஆடும் எதிரியிடம்கூட பாதிக்கு மேல் தோற்கும். ஒழுங்கில்லாமல் ஆடினால் இவ்வளவு சீராகத் தோற்க முடியாது. கணக்கு சரியாக நடக்கிறது, ஆனால் யாருடைய வெற்றி என்பது தலைகீழாகப் பதிவாகிறது.

நிலை 1-லேயே தவறினால். முதலில் பார்க்க வேண்டியது வென்றவர் யார் என்று சொல்லும் இடம். நகர்வை வைத்த கையோடு முறையை எதிராளிக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு வெற்றியைச் சோதித்து, "இப்போது ஆட வேண்டியவர் வென்றார்" என்று எழுதியிருப்பார்கள். வென்றது அதற்கு முன் ஆடியவர். ஒரே வரித் திருத்தம்.

நிலை 1 சரி, நிலை 2 தவறு என்றால். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். மரத்தின் எல்லாக் கணுக்களிலும் "மஞ்சள் எத்தனை தடவை வென்றது" என்றே பதிந்திருப்பார்கள். வேரில் அது சரி. ஒரு படி கீழே போனால் நகர்வைத் தேர்வது சிவப்பு. அங்கேயும் நிரல் மஞ்சளுக்கு நல்லதையே தேர்ந்துகொண்டு போகும். அதாவது தனக்கு ஒத்தாசை செய்யும் எதிரியைக் கற்பனை செய்துகொண்டு ஆடுகிறது. அப்படிப்பட்ட எதிரி நிலை 2-ல் 4-ம் நெடுவரிசையில் போடவே மாட்டான், ஆகவே தடுக்க வேண்டிய தேவையும் தெரியாது.

திருத்தம் இதுதான். ஒவ்வொரு கணுவிலும் அந்தக் கணுவுக்கு வரும் நகர்வை ஆடியவரின் வெற்றியை மட்டும் கூட்டுங்கள்.

```python
def update(node, winner):
    while node is not None:
        node.visits += 1
        if winner == node.mover:
            node.wins += 1
        elif winner is None:
            node.wins += 0.5
        node = node.parent
```

`mover` என்பது இந்தக் கணுவுக்குக் கொண்டுவந்த நகர்வை ஆடியவர், அடுத்து ஆட வேண்டியவர் அல்ல. இப்படி வைத்துக்கொண்டால் தேர்வு செய்யும் பகுதியில் கூட்டல் கழித்தல் குறியை மாற்றும் வேலையே இல்லை. ஒவ்வொரு மட்டத்திலும் ஆடுபவர் தன் பிள்ளைக் கணுக்களில் மதிப்பு அதிகமானதைப் பிடித்தால் போதும். குறியை இரண்டு இடத்தில் மாற்றி, ஒன்றை ஒன்று சரிக்கட்டும் என்று விடுபவர்கள் உண்டு. அதை ஏற்க மாட்டேன். அடுத்த மாதம் யாராவது ஒரு இடத்தை மட்டும் திருத்துவார்கள், பழைய கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

## அறிகுறி: பெரும்பாலும் நன்றாக ஆடுகிறது, சில நேரம் எளிய வெற்றியை விடுகிறது

கடைசித் தேர்வைப் பாருங்கள். எல்லா ஒத்திகையும் முடிந்தபின் எந்த நகர்வை ஆடுவது? வெற்றி விகிதம் அதிகமானதை எடுத்தால், மூன்றே தடவை போய்ப் பார்த்து மூன்றிலும் வென்ற நகர்வு நூற்றுக்கு நூறு என்று முன்னால் வந்து நிற்கும். வருகை அதிகமான நகர்வை எடுங்கள். தேடல் எதை நம்பித் திரும்பத் திரும்பப் போனதோ அதுதான் வருகையில் தெரியும்.

முடிந்த ஆட்டம் தொடர்கிறதா? நிலை 1-ன் பட்டியலில் 4-ம் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே வெற்றியும் வருகையும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வருகை 9,000-க்கு மேல், வெற்றி அதில் முக்கால்வாசி என்று இருந்தால் நான்கு காசு சேர்ந்த பிறகும் ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கணுவை உருவாக்கியதும் ஆட்டம் முடிந்ததா என்று பார்க்காமல் நேராக ஒத்திகைக்குள் போயிருப்பார்கள். மஞ்சள் வென்ற பலகையில் சிவப்பும் பின்னால் நான்கு சேர்த்துவிடும், அது சிவப்பின் வெற்றி என்று பதிவாகும்.

வெற்றிச் சோதனையே தவறா? பலகையை 42 இடங்கள் கொண்ட ஒரே வரிசையாக வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. `i, i+1, i+2, i+3` நான்கும் ஒரே நிறமா என்று மட்டும் கேட்டால், ஒரு வரிசையின் வலக்கோடியில் இரண்டும் அடுத்த வரிசையின் இடக்கோடியில் இரண்டும் சேர்ந்து வெற்றி ஆகிவிடும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நிரல் சோதிக்கும் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். கிடையில் 24, செங்குத்தில் 21, மூலைவாட்டில் ஒவ்வொரு பக்கமும் 12. மொத்தம் 69 வர வேண்டும். கிடையில் மட்டும் 39 வந்தால் விளிம்பைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம்.

## அறிகுறி: ஒரு நகர்வு ஆழத்தில் கெட்டி, இரண்டு நகர்வு ஆழத்தில் மாட்டிக்கொள்கிறது

நிலை 1, 2 இரண்டும் சரி. நிலை 3-ல் தவறுகிறது. இந்த முறை எங்கே வேலை செய்யும், எங்கே கைவிடும் என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நிலை 3-ன் அடிவரிசையில் சிவப்பு 3, 4 இரண்டையும் பிடித்திருக்கிறது, இரு பக்கமும் காலி. மஞ்சள் இப்போது 3-ம் நெடுவரிசையில் போட்டுத் தன் இரண்டாம் வரிசையில் இரண்டு காசு சேர்க்கிறது என்று வைப்போம். பார்க்க அழகான நகர்வு. சிவப்பு 5-ல் போடும். இப்போது அடிவரிசையில் 3, 4, 5 சிவப்பு. 2-ல் போட்டாலும் வெற்றி, 6-ல் போட்டாலும் வெற்றி. மஞ்சள் ஒன்றைத்தான் அடைக்க முடியும். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

1, 4, 7-ல் போட்டாலும் இதே கதைதான். 6-ல் போட்டால் சிவப்பு 2-ல் போட்டு, 1-லும் 5-லும் மிரட்டும். 2-லோ 5-லோ மஞ்சள் போட்டால் மட்டும் சிவப்புக்கு ஒரு பக்கம்தான் திறந்திருக்கும், அதை அடுத்த நகர்வில் அடைத்துவிடலாம்.

இப்போது குருட்டு ஒத்திகைக்கு இது எப்படித் தெரிகிறது என்று கணக்கிடலாம். மஞ்சள் 3-ல் போட்டாயிற்று. சிவப்பு ஏழு நெடுவரிசையில் ஏதோ ஒன்றில் போடும். 2 அல்லது 5-ல் போட வாய்ப்பு 7-க்கு 2. பிறகு மஞ்சளும் கண்ணை மூடிக்கொண்டு போடும். இரண்டு வெற்றி இடங்களில் ஒன்றை அடைக்க வாய்ப்பு 7-க்கு 2, ஒன்றையும் அடைக்காமல் விட 7-க்கு 5. அதற்குப் பிறகு சிவப்பு வெற்றி இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே தொட வேண்டும். இந்த வழியில் வருவது 343-க்கு 24. சிவப்பு முதலில் 6-ல் போட்டுப் பிறகு 5-ல் போடுவது, அல்லது 1-ல் போட்டுப் பிறகு 2-ல் போடுவது என்ற வழியில் இன்னும் 343-க்கு 12. மொத்தம் 36/343, சுமார் பத்தரை விழுக்காடு.

நூறு விழுக்காடு தோற்ற நிலை அது. ஆனால் நூறு ஒத்திகையில் பத்தில்தான் அந்தத் தோல்வி உடனே கண்ணில் படுகிறது. மீதித் தொண்ணூறில் சிவப்பு வேறெங்கோ காசைப் போட்டுவிட்டு ஆட்டம் சாதாரணமாகப் போகும், அதில் மஞ்சளும் நிறைய வெல்லும். சராசரியில் இந்த நகர்வு ஒன்றும் மோசமில்லை என்றுதான் தெரியும். ஒத்திகையை ஒரு லட்சமாக்கினாலும் இந்தச் சராசரி மாறாது. எதிராளி குருடன் என்ற அனுமானத்தோடு இன்னும் துல்லியமான தவறான விடை கிடைக்கும், அவ்வளவுதான்.

எளிய காரணம்: மரம் வளரவே இல்லை. வேரிலிருந்து ஒரு மட்டம் மட்டும் உருவாக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒத்திகைக்கு விட்டிருப்பார்கள். சோதிக்க, 10,000 ஒத்திகைக்குப் பிறகு மரத்தின் ஆழத்தை அச்சிடுங்கள். 1 என்று வந்தால் இதுதான் காரணம். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு புதிய கணு மரத்தில் சேர வேண்டும்.

அடுத்தது: மரம் வளர்கிறது, ஆனால் சிவப்பின் பக்கம் சாயவில்லை. "மஞ்சள் 3" என்ற கணுவுக்குக் கீழே போய், சிவப்பின் ஏழு பதில்களுக்கான வருகையை அச்சிடுங்கள். சரியான நிரலில் தொடக்கத்தில் ஏழும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பிறகு 5-ம் 2-ம் மெல்ல முந்தும், கடைசியில் வருகை முழுக்க அவற்றில்தான் போய்க் குவியும். அப்படிக் குவியக் குவிய "மஞ்சள் 3"-ன் வெற்றி விகிதம் சரியும், மேலே தேடல் 2-க்கும் 5-க்கும் ஒதுங்கும். சில ஆயிரம் ஒத்திகையிலேயே இந்தத் திருப்பம் நடந்துவிடும். ஏழும் சமமாகவே நின்றால் தேர்வுச் சூத்திரத்தில் கோளாறு, அதை அடுத்த அறிகுறியில் பார்க்கலாம். குருட்டு ஒத்திகையின் மேல் மரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். எதிராளியும் யோசிப்பான் என்பது நிரலுக்குள் நுழையும் இடம் இதுதான்.

கொஞ்சம் செலவான தீர்வு: ஒத்திகைக்குக் கண் கொடுப்பது. ஒத்திகையின் ஒவ்வொரு நகர்விலும் இரண்டே கேள்வி. உடனே வெல்ல முடிகிறதா? வெல். எதிராளி உடனே வெல்வானா? தடு. மற்றபடி குருட்டாம்போக்கு. நிலை 3 போன்ற பொறிகளில் இது நன்றாக உதவும். ஆனால் ஒரு ஒத்திகைக்கு ஆகும் நேரம் பல மடங்கு கூடும். ஆகவே ஒத்திகை எண்ணிக்கையைச் சமமாக வைத்து ஒப்பிடாதீர்கள். நேரத்தைச் சமமாக வைத்து, பழைய நிரலையும் புதியதையும் மோதவிட்டுப் பாருங்கள். இதற்கு மேலும் ஒத்திகையில் அறிவைத் திணிப்பதில் ஜாக்கிரதை தேவை. ஒரு தரப்பின் தாக்குதலை மட்டும் நன்றாக ஆடும் ஒத்திகை, கண்ணே இல்லாத ஒத்திகையைவிட மோசமாக வழிதவற வைக்கும்.

இன்னும் ஒரு படி: நிரூபணமானதைக் குறித்து வைப்பது. ஒரு கணுவில் ஆட்டம் முடிந்துவிட்டால் அதை வெற்றி என்றோ தோல்வி என்றோ முத்திரை குத்துங்கள். ஆட வேண்டியவருக்கு வெற்றி முத்திரை உள்ள ஒரு நகர்வு இருந்தால் மேலே உள்ள கணுவும் தீர்ந்தது. எல்லா நகர்வுமே தோல்வி என்றாலும் தீர்ந்தது. சராசரி மெல்லச் சரியும்வரை காத்திருக்க வேண்டாம். கனெக்ட் ஃபோர் மாதிரி சட்டென்று முடியும் ஆட்டங்களில் இது உழைப்புக்கேற்ற பலன் தரும்.

## அறிகுறி: ஒத்திகையைப் பத்து மடங்காக்கியும் முன்னேற்றம் இல்லை

முன்னேற்றம் இல்லை என்பது உண்மையா? இருபது ஆட்டத்தில் 11-9 என்று வந்தால் அதில் ஒரு செய்தியும் இல்லை. 100 ஆட்டம் ஆடினாலும் வெற்றி விகிதத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு இருக்கும். குறைந்தது 400 ஆட்டம், பாதியில் ஒருவர் முதலில், மீதியில் மற்றவர் முதலில். அப்போதுதான் பேச முடியும். இதே கணக்கு ஒத்திகைக்கும் பொருந்தும். 100 ஒத்திகை வைத்து 52-க்கும் 50-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் காண முடியாது, 10,000 வைத்தால் பிழை அரை விழுக்காட்டுப் புள்ளிக்கு இறங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. காலிப் பலகையில் நிரல் நடு நெடுவரிசையைத் தேர்ந்தால் "சரியாக இருக்கிறது" என்று பலர் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். 1988-ல் ஜேம்ஸ் ஆலனும் விக்டர் ஆலிஸும் தனித்தனியே இந்த ஆட்டத்தை முழுமையாகத் தீர்த்தார்கள். நடுவில் தொடங்கினால் முதல் ஆட்டக்காரர் எப்போதும் வெல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அடி நடு இடத்தின் வழியாக 7 வெற்றிக் கோடுகள் போகின்றன, மூலை வழியாக 3. மரமே இல்லாத வெறும் ஒத்திகைகூட நடுவைத்தான் விரும்பும். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

தேர்வுச் சூத்திரத்தின் அளவு. 2006-ல் கோச்சிஷும் செபெஷ்வாரியும் முன்வைத்த சூத்திரம்தான் இன்றும் பெரும்பாலான நிரல்களில் இருக்கிறது.

```python
import math

def score(child, C=1.4):
    if child.visits == 0:
        return float("inf")
    return (child.wins / child.visits
        + C * math.sqrt(math.log(child.parent.visits)
                        / child.visits))
```

முதல் பகுதி இதுவரை கண்ட வெற்றி விகிதம். இரண்டாம் பகுதி, குறைவாகப் பார்த்த நகர்வுக்குத் தரும் சலுகை. இந்த 1.4 என்பது வெற்றிக்கு 1, தோல்விக்கு 0 என்று பதியும் கணக்குக்கு உரியது. வெற்றிக்கு 100 புள்ளி என்று பதிந்திருந்தால் என்ன ஆகும் பாருங்கள். வேரில் 10,000 வருகை, ஒரு நகர்வில் வெறும் 10 வருகை. அந்த நகர்வுக்குக் கிடைக்கும் சலுகை சுமார் 1.34. 0-1 கணக்கில் இது பெரிய தொகை, தேடல் அந்த நகர்வைத் திரும்பப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். 100 புள்ளிக் கணக்கில் ஒன்று 55, மற்றது 48 என்றால் இடைவெளி 7. 1.34 சலுகையால் அதை நிரப்ப முடியாது. ஆரம்பத்தில் துரதிருஷ்டவசமாகத் தோற்ற நல்ல நகர்வு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டுவிடும்.

பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏழு நெடுவரிசையிலும் 1,400 சொச்சம் என்று சமமாக இருந்தால் `C` மிகப் பெரிது. ஒன்றில் 9,900-க்கு மேல், மற்றவற்றில் ஒற்றை இலக்கம் என்றால், உடனடி வெற்றி இல்லாத நிலையில், `C` மிகச் சிறிது அல்லது புள்ளியின் அளவு பெரிது. முதலில் புள்ளியை 0-1-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு 0.5, 0.7, 1.0, 1.4 என்று மோதவிட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒத்திகை திரும்பத் திரும்ப. ஒத்திகைச் செயற்கூற்றுக்கு உள்ளே தற்செயல் எண்ணுக்கு விதை வைத்திருந்தால், ஒரே தொடர் மறுபடி மறுபடி வரும். பல பணிகளை இணையாக ஓட்டும்போது எல்லாமே ஒரே விதையோடு தொடங்கினாலும் இதே கதி. பல மடங்கு மின்சாரம் செலவாகும், ஆனால் ஓடுவது அதே ஆட்டங்கள். முதல் பத்து ஒத்திகைகளின் நகர்வுகளை அச்சிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஒத்திகை சாய்வாக ஓடுகிறது. 0 முதல் 6 வரை ஒரு எண்ணை எடுத்து, அந்த நெடுவரிசை நிரம்பியிருந்தால் வலப்பக்கத்து நெடுவரிசைக்குப் போவது என்று எழுதியிருப்பார்கள். நிரம்பிய நெடுவரிசைக்கு வலப்பக்கம் இருப்பதற்கு இரட்டை வாய்ப்பு வந்துவிடுகிறது. ஆட முடிந்த நெடுவரிசைகளை மட்டும் பட்டியலிட்டு அதிலிருந்து ஒன்றை எடுங்கள். கனெக்ட் ஃபோரில் இந்தச் சாய்வு தெரியாமலே போகும். ஆகவே அதே ஒத்திகைச் செயற்கூற்றுக்கு டிக் டாக் டோ விதிகளைக் கொடுத்துக் காலிப் பலகையிலிருந்து ஒரு லட்சம் ஓட்டுங்கள். முதல் ஆட்டக்காரர் 58.5 விழுக்காடு, இரண்டாமவர் 28.8, சமன் 12.7 வர வேண்டும். அரைப் புள்ளிக்கு மேல் விலகினால் ஒத்திகை நேர்மையாக இல்லை.

## அறிகுறி: வெல்லும் நிலையில் அலட்சியம், தோற்கும் நிலையில் கிறுக்குத்தனம்

பிழை என்று நினைத்து அதிகம் பேர் கொண்டுவருவது இது. பிழை இல்லை. நிரல் வெற்றி விகிதத்தைத்தான் கூட்டுகிறது, எத்தனை நகர்வில் வென்றோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எல்லா நகர்வும் 98 விழுக்காடு என்றால் அவற்றுக்குள் எது என்பது தற்செயல்தான். எல்லா நகர்வும் 3 விழுக்காடு என்றால், எதிராளி தவறினால் மட்டும் பலிக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துத் தொங்கும்.

மனிதரோடு ஆட வைக்கும்போது இது உறுத்தும்தான். அப்போது விரைவான வெற்றிக்கு 1, நீண்ட வெற்றிக்கு 0.95 என்று சிறிய வித்தியாசம் வையுங்கள். பெரிய வித்தியாசம் வைத்தால் பத்திரமான வெற்றியை விட்டு விரைவான அபாயத்துக்குப் போகும். நூலளவு வித்தியாசம் போதும்.

## அறிகுறி: சரியாக ஆடுகிறது, ஆனால் மெதுவாக

ஒத்திகைக்கு ஒத்திகை பலகையைப் பிரதியெடுக்கலாம், ஒத்திகையின் நகர்வுக்கு நகர்வு எடுக்கக் கூடாது. வெற்றிச் சோதனையை 69 கோடுகளுக்கும் செய்யாமல், கடைசியாகக் காசு விழுந்த இடத்தின் வழியே போகும் கோடுகளுக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு நகர்வு ஆடி முடிந்ததும் மரத்தைத் தூக்கி எறியாமல், ஆடிய நகர்வின் கீழ் உள்ள பகுதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் வேறு நிரல்மொழிக்கு மாறுவது பற்றி யோசிக்க வேண்டும்.

## எப்போது அனுபவசாலியை அழைப்பது

மூன்று நிலைகளும் சரி, டிக் டாக் டோ எண்கள் சரி, நேரத்தைப் பத்து மடங்காக்கி 400 ஆட்டம் மோதவிட்டும் புதியது பழையதை வெல்லவில்லை. அப்போது கோளாறு நிரலில் இல்லை, ஆட்டத்துக்கும் முறைக்கும் பொருத்தமில்லாமல் இருக்கலாம். அந்த முடிவை எடுக்க, ஒத்திகையை நம்பும் நிரல், பதில் நகர்வுகளை முறையாக ஆராயும் நிரல் என்ற இரண்டு வகையையும் எழுதிப் பார்த்த ஒருவர் வேண்டும்.

சதுரங்கம் அப்படிப்பட்ட ஆட்டம். நிலை 3 மாதிரியான பொறிகள் அங்கே பலகை முழுக்க இருக்கும். ஒரே ஒரு பதில் நகர்வு மட்டும் கொல்லும், மற்ற முப்பதும் நமக்குச் சாதகம் என்ற நிலைகள் சர்வசாதாரணம். குருட்டு ஒத்திகையின் சராசரி அங்கே உதவாது. முடிவை மாற்றாத பதில்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முறையாக ஆராயும் ஆல்பா-பீட்டா தேடலே நல்லது. மாறாக கோ ஆட்டத்தில் ஒரு நிலையை எண்ணால் மதிப்பிடச் சூத்திரம் எழுதுவது பல பத்தாண்டுகளாகக் கைகூடவில்லை. 2006-ல் ரெமி கூலோமின் கிரேஸி ஸ்டோன் நிரல் ஒத்திகையையும் மரத்தையும் இணைத்த பிறகுதான் அங்கே வழி திறந்தது.

ஒத்திகைக்குப் பதில் நரம்பியல் வலையமைப்பை வைப்பதும் இந்தக் கட்டத்தில் பேச வேண்டியதுதான். 2016-ல் கோ வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்பாகோ, வலையமைப்பின் மதிப்பீட்டையும் ஒத்திகையின் முடிவையும் கலந்தது. 2017-ல் வந்த ஆல்பாகோ ஜீரோ ஒத்திகையை அடியோடு விட்டுவிட்டு, மரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஆனால் வலையமைப்பைப் பழக்க லட்சக்கணக்கான ஆட்டங்களும் அதற்கேற்ற கணினி பலமும் வேண்டும். மேலே சொன்ன மலிவான பரிசோதனைகள் எல்லாம் முடிவதற்கு முன் அங்கே போகாதீர்கள். குறி தலைகீழான மரத்தின் மேல் எவ்வளவு நல்ல வலையமைப்பை வைத்தாலும் அது எதிராளிக்காகத்தான் ஆடும்.

அழைக்கும்போது நிரலை மட்டும் அனுப்பாதீர்கள். தவறிய ஒரு நிலை, அப்போது வைத்திருந்த விதை எண், ஒத்திகை எண்ணிக்கை, `C` மதிப்பு, வேருக்கும் அதற்கு அடுத்த மட்டத்துக்கும் உரிய வருகைப் பட்டியல், இவ்வளவும் சேர்த்து அனுப்புங்கள். பழக்கமுள்ளவர் பெரும்பாலும் அந்த இரண்டாம் மட்டத்துப் பட்டியலைப் பார்த்ததுமே கோளாறு எந்த வரியில் என்று சொல்லிவிடுவார்.